மாவட்ட எண்ணுக்குப் பக்கத்தில் ஏன் இவ்வளவு பெரிய பிழை வரம்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய் நடத்தும் பெரிய சர்வேக்களின் மாவட்ட அட்டவணைகளைப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். ஒரு மாநிலம், அதில் 30 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு 800 வீடுகள் வீதம் 24,000 வீடுகளில் சர்வே நடக்கிறது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு எல்லாத் தடுப்பூசிகளும் போட்டு முடிந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. ஆனால் இந்த அளவிலான சர்வேக்களில் இப்படித்தான் வரும்.

24,000 வீடுகளைப் பார்த்த சர்வே என்கிறார்கள். அப்புறம் மாவட்ட எண்ணில் என்ன சந்தேகம்?

மாவட்ட எண்ணுக்குப் பின்னால் 24,000 வீடுகள் இல்லை, 800தான். அந்த 800 வீடுகளிலும் 12 முதல் 23 மாத வயதில் குழந்தை இருக்கும் வீடுகள் கொஞ்சம். நம் உதாரணத்தில் ஒரு மாவட்டத்துக்கு 60 குழந்தைகள் கிடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் "75%" என்று அச்சாவது அந்த 60 பேரில் 45 பேருக்குத் தடுப்பூசி முடிந்திருக்கிறது என்பதைத்தான். இன்னும் மூன்று குழந்தைகளுக்கு முடிந்திருந்தால் அதே இடத்தில் 80% என்று வந்திருக்கும்.

நான் இந்த மாதிரி அட்டவணையைக் கையில் எடுத்தால் சதவீதத்தைப் படிப்பதற்கு முன் வகுஎண்ணை, அதாவது அந்த 60ஐத்தான் தேடுவேன். சர்வேயின் மொத்த அளவு முகப்பில் பெரிதாக இருக்கும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் உள்ள எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எங்கேயோ பின்னிணைப்பில் இருக்கும். முடிவை நிர்ணயிப்பது இரண்டாவது எண்தான்.

மாதிரிப் பிழை என்றால் சர்வே எடுத்தவர்கள் தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. எல்லோரும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலும் இந்தப் பிழை இருக்கும். அதே மாவட்டத்தில், அதே வாரத்தில், அதே முறைப்படி இன்னொரு குழு வேறு 60 குழந்தைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்திருந்தால் அதே 75 வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 68 வந்திருக்கலாம், 82 வந்திருக்கலாம். யார் மாதிரியில் விழுகிறார்கள் என்ற தற்செயலால் வரும் இந்த ஆட்டத்துக்குத்தான் மாதிரிப் பிழை என்று பெயர். "பிழை" என்ற சொல் பலரைத் திசை திருப்பிவிடுகிறது; "ஆட்டம்" என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மாதிரி குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டிருந்தால், எவ்வளவு ஆடக்கூடும் என்பதை அந்த ஒரே மாதிரியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

சரி, அந்த 75% உண்மையில் எதிலிருந்து எதுவரை இருக்கலாம்?

முதலில் எளிய கணக்கு. 0.75ஐ 0.25ஆல் பெருக்கி, 60ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.056 வரும். இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். எண் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு இது, இங்கே 5.6 சதவீதப் புள்ளி. 95 சதவீத நம்பிக்கைக்கு இதை 1.96ஆல் பெருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் 11 புள்ளி வருகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் பிழை வரம்பைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். இந்த 60 குழந்தைகளும் மாவட்டம் முழுவதிலிருந்தும் தனித்தனியாகப் பொறுக்கப்பட்டவர்கள் இல்லை. 15 இடங்களை முதலில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சராசரியாக நான்கு குழந்தைகளைக் கண்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்தால் வரம்பு 13 புள்ளிக்குச் சற்று மேலே போகிறது. ஆக 75% என்பது ஏறக்குறைய 62 முதல் 88 வரை.

மாநில எண்ணுக்கு இதே கணக்கைப் போட்டால் 30 மாவட்டங்களிலும் சேர்ந்து 1,800 குழந்தைகள். அங்கே 78% என்று வந்தால் வரம்பு கூட்டல் கழித்தல் 2.3 புள்ளிதான். ஒரே சர்வே, ஒரே கேள்வி, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகள். ஒன்றின் துல்லியம் மற்றதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

15 இடங்களுக்குப் போனால் என்ன? குழந்தைகள் 60 பேர்தானே?

60 பேர்தான். ஆனால் 60 தனித்தனிச் செய்திகள் இல்லை. ஓரிடத்தில் தடுப்பூசி போடும் செவிலியர் ஒழுங்காக வருகிறார் என்றால் அங்கே நான்கு குழந்தைகளுக்குமே போட்டிருக்கும். பக்கத்து ஊரில் அந்தப் பணியிடம் காலி என்றால் நான்கு பேருக்குமே விட்டுப்போயிருக்கும். முதல் குழந்தையைப் பார்த்ததும் மற்ற மூவரைப் பற்றியும் பாதி தெரிந்துவிடுகிறது. நாலாவது குழந்தை புதிதாகச் சொல்வது குறைவு.

இதை அளக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஓரிடத்தில் சராசரியாக m பேர், அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவு ρ என்றால்:

```
deff = 1 + (m − 1) × ρ
```

இதற்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர். மாதிரி ஆய்வுத் துறையில் இதைப் பரவலாக்கியவர் லெஸ்லி கிஷ். நம் கணக்கில் m = 4, ρ ஆறில் ஒரு பங்கு என்று எடுத்தால் 1.5 வருகிறது. 60ஐ 1.5ஆல் வகுத்தால் 40. அதாவது இந்த 60 குழந்தைகளும், தனித்தனியாகக் குலுக்கிய 40 குழந்தைகள் தரும் தகவலைத்தான் தருகிறார்கள்.

ρ கேள்விக்குக் கேள்வி மாறும். குழந்தையின் பாலினம் ஊரைப் பொறுத்தது இல்லை, அதற்கு ρ கிட்டத்தட்ட பூஜ்யம். வீட்டுக்குக் குழாய் நீர் வருகிறதா என்பது பெரும்பாலும் தெருவுக்குத் தெரு ஒரே பதில், அதற்கு ρ மிக அதிகம். அதனால் ஒரு கேள்விக்குக் கணக்கிட்ட பிழை வரம்பை அடுத்த கேள்விக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

எங்கள் மாவட்டம் மக்கள்தொகையில் சின்னது. சின்ன மாவட்டத்துக்குச் சின்ன மாதிரி போதாதா?

இது நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி, நியாயமாகத் தோன்றும் கேள்வியும்கூட. ஆனால் போதாது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மாவட்டத்தின் மக்கள்தொகை அதில் எங்குமே வரவில்லை. 60 மட்டும்தான் வந்தது. குழம்பை நன்றாகக் கலக்கியிருந்தால் உப்பு பார்க்க ஒரு கரண்டி போதும். பானை பெரிதா சிறிதா என்பது பிரச்சினை இல்லை. அதே காரணத்தால், பானை சின்னது என்பதற்காகக் கரண்டிக்குப் பதில் ஒரு சொட்டை வைத்து உப்பு சொல்லவும் முடியாது.

மக்கள்தொகை கணக்கில் நுழைவது ஒரே இடத்தில்தான். மாதிரி, மொத்தத்தில் கணிசமான பங்காக இருந்தால் வரம்பு கொஞ்சம் சுருங்கும். மாவட்டத்தில் அந்த வயதில் மொத்தமே 240 குழந்தைகள் இருந்து, அதில் 60 பேரைப் பார்த்திருந்தால், எளிய கணக்கின் வரம்பு 13 சதவீதம் குறையும். 11 புள்ளி 9.5 ஆகும். 20,000 குழந்தைகள் இருக்கும் மாவட்டத்தில் 60 பேரைப் பார்த்தால் இந்தச் சலுகை கண்ணுக்கே தெரியாது.

சின்ன மாவட்டங்களின் வரம்பு அகலமாக இருப்பதற்குக் காரணம் வேறு. பல சர்வேக்களில் மாதிரியை மக்கள்தொகைக்கு ஏற்றபடி பங்கிடுவார்கள். மாநில எண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. அதற்கு விலை கொடுப்பது சின்ன மாவட்டம். அதன் பங்குக்கு 60கூட வராமல் 20 வரும்.

போன சர்வேயில் எங்கள் மாவட்டம் 87%, இப்போது 75%. 12 புள்ளி விழுந்துவிட்டதே?

விழுந்திருக்கலாம். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

போன முறையும் 60 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 52 பேருக்கு முடிந்திருந்தது. அதன் திட்டப் பிழை, வடிவமைப்பு விளைவோடு சேர்த்து, 5.4 புள்ளி. இந்த முறை 6.8. வித்தியாசத்தின் திட்டப் பிழைக்கு இரண்டையும் நேரே கூட்டக் கூடாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 8.7 வருகிறது. அதை 1.96ஆல் பெருக்கினால் 17.

ஆக மாற்றம் என்பது 12 புள்ளி சரிவு, கூட்டல் கழித்தல் 17. 29 புள்ளி விழுந்திருந்தாலும், ஒன்றுமே மாறாமல் இருந்தாலும், 5 புள்ளி உயர்ந்திருந்தாலும் இந்த எண்கள் வந்திருக்க முடியும். கவனியுங்கள், இரண்டு எண்களின் தனித்தனி வரம்பைவிட வித்தியாசத்தின் வரம்பு பெரிது. இரண்டு ஆட்டங்கள் சேர்கின்றனவே.

இப்படி ஒரு சரிவுக்காக ஒரு மாவட்ட அதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரிடம் காரணம் கேட்டவர்கள் யாரும் வகுஎண்ணைக் கேட்கவில்லை. அவரும் இல்லாத காரணத்தைத் தேடி ஏதோ சொன்னார், அது குறிப்பிலும் ஏறியது. அந்த மேஜையில் அட்டவணையை வைத்தவர்களில் நானும் ஒருவன். பிழை வரம்பை அதே பக்கத்தில் போடாதது எங்கள் குற்றம். அன்றிலிருந்து அதைப் போடாமல் எந்தப் பக்கத்தையும் நான் அனுப்புவதில்லை.

இரண்டு மாவட்டங்களின் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. வரம்புகள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம், அது சரி. ஆனால் தொட்டால் வித்தியாசம் இல்லை என்று ஆகாது. இரண்டு எண்களுக்கும் தனித்தனியாகக் கூட்டல் கழித்தல் 4, இடைவெளி 6 என்றால் வரம்புகள் உரசும். வித்தியாசத்தின் வரம்போ 5.7தான். 6 அதைத் தாண்டிவிடுகிறது. மேலே செய்தது போல வித்தியாசத்தையே கணக்கிடுங்கள்.

30 மாவட்டங்களையும் வரிசைப்படுத்தி முதலிடம், கடைசி இடம் போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

ஒரு சோதனையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். 30 மாவட்டங்களிலும் உண்மை நிலை அச்சு அசலாக ஒன்றே, எல்லாமே 78% என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் 60 குழந்தைகளைப் பார்த்து எண் போடுகிறோம். ஒவ்வொரு எண்ணின் திட்டப் பிழையும் சுமார் 6.5 புள்ளி. 30 எண்களை இப்படி எடுத்தால் அவற்றில் உச்சமானது சராசரியிலிருந்து ஏறக்குறைய இரண்டு திட்டப் பிழை மேலேயும், அடிமட்டமானது அதே அளவு கீழேயும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். முதலிடத்து மாவட்டம் சுமார் 91% காட்டும். கடைசி மாவட்டம் சுமார் 65% காட்டும்.

துளி வித்தியாசமும் இல்லாத 30 மாவட்டங்களிலிருந்து 26 புள்ளி இடைவெளி! பத்திரிகை இதை வண்ண வரைபடமாகப் போட்டால் சிவப்பு மாவட்டங்களும் பச்சை மாவட்டங்களும் தெளிவாகத் தெரியும். அடுத்த சுற்றில் சிவப்பு எல்லாம் இடம் மாறும். கடைசி இடத்தில் இருந்தது "முன்னேறியிருக்கும்", முதலிடத்தில் இருந்தது "சரிந்திருக்கும்". நடுவில் யாராவது கடைசி மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கியிருந்தால், முன்னேற்றத்துக்கான பெயர் அந்தத் திட்டத்துக்குப் போய்விடும்.

உண்மையில் மாவட்டங்களுக்கு இடையே வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அட்டவணையில் தெரியும் பரவல், உண்மைப் பரவலும் மாதிரி ஆட்டமும் கலந்தது. அதோடு, மாதிரி சிறிதாக உள்ள மாவட்டம்தான் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் வந்து நிற்கும். முதல் மூன்று இடங்களிலும் கடைசி மூன்று இடங்களிலும் சின்ன மாதிரிகளே நிறைந்திருந்தால், நீங்கள் பார்ப்பது மாவட்டத்தின் நிலைமை இல்லை, பெரும்பாலும் மாதிரியின் அளவு என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு மாவட்டத்தில் 60க்கு 60 பேருக்கும் முடிந்திருக்கிறது. அப்போது பிழை பூஜ்யமா?

சூத்திரம் பூஜ்யம் என்றுதான் சொல்லும், ஆனால் அந்த ஓரத்தில் சூத்திரம் வேலை செய்யாது. இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது: n பேரில் ஒருவர்கூட விடுபடவில்லை என்றால், உண்மையில் விடுபட்டவர்கள் சுமார் 3/n வரை இருக்கலாம். இங்கே தகவல் 40 பேருக்குச் சமம் என்பதால் 3/40, அதாவது 7.5%. 100% என்று வந்த மாவட்டத்தில் உண்மை 92.5% ஆகவும் இருக்கலாம்.

சில கட்டங்களில் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் நட்சத்திரம் மட்டும். ஏன்?

வகுஎண் போதவில்லை என்பதற்கான அறிவிப்பு அது. பல நாடுகளில் மக்கள்தொகை, உடல்நலம் பற்றி நடத்தப்பட்டுள்ள டிஎச்எஸ் சர்வேக்களின் வழக்கம், 25 முதல் 49 பேர் வரை உள்ள சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் போடுவது, 25க்குக் கீழே போனால் எண்ணை மறைத்து நட்சத்திரம் வைப்பது. நட்சத்திரத்தைப் பார்த்துத் தகவலை ஒளிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். 50ஐத் தாண்டி எந்தக் குறியும் இல்லாமல் நிற்கும் எண்ணிடம்தான் ஜாக்கிரதை தேவை. நம்முடைய 60 அப்படிப்பட்டதுதான்: குறி இல்லை, வரம்போ 13 புள்ளி.

இதைச் சரிசெய்ய வழியே இல்லையா?

மூன்று வழிகள் உண்டு, மூன்றிலும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

மாதிரியைப் பெருக்கலாம். ஆனால் வரம்பு மாதிரியின் வர்க்கமூலத்தோடுதான் சுருங்கும். 13ஐ ஏழுக்குக் கொண்டுவர 60 குழந்தைகள் 240 ஆக வேண்டும். 800 வீடுகள் 3,200 ஆக வேண்டும், அதுவும் 30 மாவட்டங்களில். சர்வே பெரிதாகும்போது பயிற்சியும் மேற்பார்வையும் நீர்த்துப்போகும். அதனால் வரும் பிழை எந்த வரம்பிலும் தெரியாது.

பல ஆண்டுகளைச் சேர்க்கலாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் நடத்தும் தொடர் சர்வேயில் 65,000 பேருக்குக் குறைவாக உள்ள பகுதிகளுக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடையாது. ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். நம் மாவட்டத்தில் மூன்று சுற்றுகளைச் சேர்த்தால் வரம்பு எட்டுக்குக் கீழே வரும். ஆனால் அது மூன்று சுற்றுகளின் சராசரி. போன வருடம் நடந்த மாற்றம் அதில் கரைந்துபோகும்.

மூன்றாவது, மற்ற மாவட்டங்களிடம் கடன் வாங்குவது. 1979இல் ராபர்ட் ஃபேயும் ரோஜர் ஹெரியட்டும் அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர்களின் வருமானத்தை மதிப்பிடக் கையாண்ட முறையின் அடிப்படை இது. மாவட்டத்தின் சொந்த எண்ணையும், பொதுப் போக்கு சொல்லும் எண்ணையும் எடைபோட்டுக் கலக்கிறோம். மாவட்டங்களின் உண்மைப் பரவல் 5 புள்ளி என்று கொண்டால், அதன் வர்க்கம் 25. நம் மாவட்டத்தின் 6.85 திட்டப் பிழையின் வர்க்கம் 47. சொந்த எண்ணுக்குக் கிடைக்கும் எடை 25/72, ஏறக்குறைய 35%. மீதி 65% மாநிலத்தின் 78க்கு. கலந்தால் 77 வருகிறது, வரம்பும் எட்டுக்குச் சுருங்குகிறது. நடைமுறையில் மாநிலச் சராசரிக்குப் பதிலாக, மாவட்டத்தின் கல்வியறிவு, சுகாதார நிலையங்களின் எண்ணிக்கை போன்றவற்றை வைத்து ஒரு புள்ளியியல் சூத்திரம் கணித்த எண்ணைப் போடுவார்கள்.

எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே 55%இல் தவிக்கும் ஒரு மாவட்டம் இருந்தால், இந்தக் கலவை அதையும் நடுப்பக்கம் இழுத்து 70% என்று காட்டிவிடும். சராசரியாக எல்லா மாவட்டங்களுக்கும் பிழை குறையும், மற்றவற்றைப் போல இல்லாத அந்த ஒரு மாவட்டத்துக்குக் கூடும். உதவி தேவைப்படுவதும் அதற்குத்தான். அதனால் கலந்த எண்ணை வெளியிடும்போது சொந்த எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிழை வரம்புக்குள் எல்லாப் பிழைகளும் அடங்கிவிடுமா?

அடங்காது. தடுப்பூசி அட்டை தொலைந்துபோய் அம்மா நினைவிலிருந்து சொன்னது, வீடு பூட்டியிருந்ததால் விடுபட்ட குடும்பம், இவையெல்லாம் வரம்புக்கு வெளியே. மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் இவை குறையாது.

என் மாவட்டத்துக்கு வரம்பு போடவே இல்லை. நானே கணக்கிடலாமா?

தோராயமாக முடியும். மூன்று எண்கள் வேண்டும்: விகிதம் p, வகுஎண் n, வடிவமைப்பு விளைவு deff.

```
வரம்பு = 1.96 × sqrt( p × (1 − p) × deff / n )
```

அறிக்கையின் பின்னிணைப்பில் மாதிரிப் பிழை அட்டவணை இருந்தால் உங்கள் கேள்விக்கான deff அங்கே இருக்கும். சில அறிக்கைகள் அதன் வர்க்கமூலத்தை DEFT என்ற பெயரில் தரும். அப்படியானால் அதை வர்க்கமாக்கிக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் 1.5இலும் 2இலும் போட்டு இரண்டையும் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு 1.5க்கு 13.4, 2க்கு 15.5.

n எடுக்கும்போது மட்டும் கவனம். அட்டவணையில் எடையிட்ட எண்ணிக்கை, எடையிடாத எண்ணிக்கை என்று இரண்டு வரிசைகள் இருக்கலாம். எடையிட்டது மாவட்டத்தின் மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்பச் சரிசெய்த எண். 60 பேரைப் பார்த்த இடத்தில் அது 140 என்று நிற்கலாம். சூத்திரத்தில் போக வேண்டியது உண்மையில் நேரில் பார்த்த 60.